பார்சலைப் பிரிக்கும் கைகள்: காகிதம் எங்கே முடிகிறது?

இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ புடவை விற்கும் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வரி மனப்பாடமாகியிருக்கும்: “பார்சல் ஓப்பனிங் வீடியோ கட்டாயம். நடுவில் பாஸ், கட் இருக்கக்கூடாது.” புடவையில் கிழிசல் என்றால் பணம் திரும்ப வேண்டுமே, அதற்கான சாட்சி அந்த வீடியோ. முகவரிச் சீட்டு தெரிய வேண்டும், ஆறு பக்கமும் காட்ட வேண்டும், பிரிக்காத நிலையிலிருந்து பொருள் வெளியே வரும்வரை கேமரா நிற்கக்கூடாது. வாடிக்கையாளருக்கு இத்தனை சட்டம் போடும் அதே கடை, தன் விளம்பரத்துக்குப் பார்சல் பிரிக்கும் காட்சி எடுக்கும்போது எப்படி எடுக்கிறது? ஐந்து நிமிடம் முன்பு அதே மேசையில் ஒட்டிய பெட்டி. மூலை மழுங்காத அட்டை. சீட்டே கிடையாது. கை நாடாவைத் தொடும், ஒரு கட். அடுத்த நொடி பெட்டி திறந்திருக்கும்.

புடவைக் கடைக்கு அது பரவாயில்லை. விற்பது புடவை, பெட்டி வெறும் பெட்டி. ஆனால் “சூழலுக்கு உகந்த பேக்கிங்” என்று சொல்லியே விற்கும் கடைக்குப் பெட்டியும் சரக்குதான். அங்கே அந்தக் கட் மறைப்பது எதை? பெரும்பாலும் நாடாவை வெட்டிய கத்தியை, கூரியர்காரர் மேலே போட்ட பிளாஸ்டிக் உறையை, பாட்டிலைச் சுற்றியிருந்த ஏதோ ஒன்றை. இப்படிப்பட்ட கடைகள் தங்கள் விளம்பரத்தையும் வாடிக்கையாளருக்குப் போடும் அதே சட்டத்தில் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படி ஒரு காட்சியை எடுக்கப் போனால், கை ஒவ்வொரு அடுக்காகத் தொடத் தொட, காகிதம் எங்கே முடிகிறது என்பது தானே தெரிந்துவிடும்.

பேச்சுக்கு ஒரு பார்சலை எடுத்துக்கொள்வோம். எனக்குத் தெரிந்த ஒரு சிறு கடை, கோவைப் பக்கம், இருவர் நடத்துவது. அரைக் கிலோ தேன் கண்ணாடி பாட்டில் ஒன்று, 100 கிராம் சோப்பு இரண்டு, தேங்காய் நார் தேய்ப்பான் ஒன்று. இதைச் சென்னையில் ஒரு நண்பர் வீட்டுக்கு அனுப்பி, அங்கேயே பிரித்துப் படமெடுத்தார்கள். மேசையில் பொட்டலம் கட்டி மேசையிலேயே பிரிப்பதில்லை என்பதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட ஒரே விதி. கேட்க எளிதாக இருக்கிறது. முதல் தடவை பார்சல் வந்து சேர்ந்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழகான பழுப்புப் பெட்டி, முழுக்கக் காகித நாடா ஒட்டியது, கூரியர் நிறுவனத்தின் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. மழைக்காலம். சரக்கு நனையக்கூடாது என்று யாரோ நல்ல எண்ணத்தில் போட்ட உறை.

இதைத் தடுக்கச் சட்டம் ஏதும் இல்லையா என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. நாடு முழுவதற்குமான தடை 2022 ஜூலை 1-இல் வந்தது. ஆனால் அந்த மத்தியப் பட்டியலில் இருப்பவை ஸ்ட்ரா, கரண்டி, தட்டு, இனிப்புப் பெட்டியைச் சுற்றும் மெல்லிய தாள் போன்றவை. கூரியர் உறையும் குமிழ்த் தாளும், அதாவது பபிள் ராப்பும், அதில் இல்லை. அமேசான் 2020 ஜூனில் இந்தியக் கிடங்குகளிலிருந்து போகும் தன் பேக்கிங்கில் ஒருமுறைப் பிளாஸ்டிக்கை ஒழித்துவிட்டதாக அறிவித்து, குமிழ்த் தாளின் இடத்தில் காகிதத்தை வைத்தது. பெரிய நிறுவனத்துக்குக் கிடங்கும் வண்டியும் தன் கையில். சிறு கடைக்கோ, பெட்டி வாசலைத் தாண்டியபின் நடப்பது எதுவும் தன் கையில் இல்லை. அதனால் அந்தக் கடைக்காரர்கள் செய்தது எனக்குப் பிடித்திருந்தது: வீடியோவின் முதல் காட்சியே, கை அந்தச் சாம்பல் உறையைக் கிழித்து ஓரமாக வைப்பதுதான். “இது எங்களுடையதல்ல, வழியில் போட்டது” என்று கீழே ஒரு வரி.

அடுத்து முகவரிச் சீட்டு. பார்த்தால் காகிதம்தான், ஆனால் இது வெப்பத் தாள். மை கிடையாது, அச்சுக் கருவியின் சூடு பட்ட இடம் கறுக்கும்படி மேலே ஒரு வேதிப்பூச்சு. பிஸ்பீனால் வகைப் பொருட்கள் இதில் அதிகம் பயன்படுவதால், பழைய காகிதத்தோடு இது சேர்வதை மறுசுழற்சி செய்பவர்கள் விரும்புவதில்லை. சீட்டை உரித்து எடுக்கும்போது கடையிலேயே தங்கிவிடும் வழுவழுப்பான அடித்தாளில் சிலிக்கோன் பூச்சு இருக்கும்; அதையும் சாதாரணக் காகிதமாக யாரும் வாங்கமாட்டார்கள். கூரியர் வலைக்குள் இருக்கும்வரை இதற்குச் சுலபமான மாற்று இல்லை. படத்தில் சீட்டைக் காட்டலாம், ஆனால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மறைத்துவிட்டு. நிறையப் பேர் மறைக்க மறந்து, அடுத்த வாரமே மோசடி அழைப்பு வருகிறது என்று புலம்புகிறார்கள்.

இனி நாடா. இந்தக் காட்சியின் உயிர் இங்கேதான், அதனால் சற்று நின்று பேசலாம்.

கடையில் “பேப்பர் டேப்” என்று கேட்டால் இரண்டு வேறு சரக்குகள் கிடைக்கும். ஒன்று, செலோ டேப் போலவே சுருளிலிருந்து இழுத்து அப்படியே ஒட்டுவது. முகம் காகிதம், ஆனால் ஒட்டும் பசை பெரும்பாலும் செயற்கை ரப்பர் வகை, சுருள் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முதுகில் சிலிக்கோன் பூச்சு, மலிவான சரக்கில் இடையே மெல்லிய பிளாஸ்டிக் படலமும் இருக்கும். இன்னொன்று, அஞ்சல்தலை போலத் தண்ணீர் தடவி ஒட்டும் கம் டேப். இதன் பசை மாவுப்பொருள். நனைத்ததும் அந்தப் பசை அட்டையின் இழைகளுக்குள் இறங்கி, காய்ந்தபின் நாடாவும் பெட்டியும் ஒரே காகிதமாகிவிடும். இதிலும் ஒரு வில்லன் உண்டு: பலத்துக்காக நடுவில் கண்ணாடி இழை வைத்த ரகம். கிழித்தால் வெள்ளை நூல்கள் தொங்கும். அதைக் கையால் பிரிக்கவே முடியாது.

எது எது என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, டம்ளர் தண்ணீரில் ஓர் இரவு போட்டு வையுங்கள். காலையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்தால் கூழாகப் போவது முழுக் காகிதம். தேய்த்தபின் வெங்காயத் தோல் மாதிரி ஒரு படலம் கையில் மிஞ்சினால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது. அச்சடித்த பளபளப்பான பெட்டிக்கும் இதே சோதனைதான். அதற்கு ஊறவைக்கக்கூட வேண்டாம், ஒரு மூலையை மெதுவாகக் கிழித்தாலே அச்சின் மேல் ஒட்டிய படலம் காகிதத்தைவிடத் தாமதமாக, இழுபட்டுக் கிழியும்.

கம் டேப்பில் ஒரு சிக்கல்: நன்றாக ஒட்டினால் பிரியாது. அது குறையில்லை, அதற்காகத்தான் அது. யாராவது வழியில் திறந்தால் பெட்டியின் மேல்தோலே கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டியது சரியா என்று பார்ப்பதும் அப்படித்தான். அரைமணி கழித்து ஒரு முனையை வலிந்து உரியுங்கள். அட்டையின் பழுப்பு இழை பிய்ந்து நாடாவோடு வர வேண்டும். சுத்தமாகக் கழன்று வந்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது மிதமிஞ்சிப் பசையே கழுவிக்கொண்டு போய்விட்டது, அல்லது பெட்டி தூசியாக இருந்தது. மழை நாட்களில் சுருளைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்திலேயே சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டு பாறையாகிவிடும். கோவைக் கடையில் இரண்டு சுருள் அப்படிப் போனபின், மூடி போட்ட அரிசி டின்னுக்குள் வைக்க ஆரம்பித்தார்கள்.

சரி, இப்படி ஒட்டியதைக் கேமரா முன் எப்படிப் பிரிப்பது? கத்தி எடுத்தால் கைகளின் காட்சி கத்தியின் காட்சியாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் சோப்பு உறையும் கீறும். அவர்கள் கண்டுபிடித்த வழி பழைய மளிகைக் கடையை நினைவூட்டியது. மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து இழுத்துச் சுற்றுவார்களே, அந்த மாதிரிப் பருத்தி நூல். பெட்டியின் இரண்டு மடிப்புகளும் சந்திக்கும் கோட்டில் கெட்டியான நூலை நீளவாக்கில் வைத்து, அதன் மேல் கம் டேப்பை ஒட்டுவது. இரண்டு அங்குல வாலை மட்டும் வெளியே விட்டுச் சீட்டின் ஓரத்தில் செருகிவிடுவது. வாலைப் பிடித்து இழுத்தால் நூல் நாடாவை நடுவில் வகிர்ந்துகொண்டே போகும். மூன்று நொடி. சத்தமும் நன்றாக இருக்கும். நூலால் பெட்டியை வெளியே சுற்றிக் கட்டிப் பூப்போட்டுக் காட்டும் படங்களையும் நிறையப் பார்க்கிறோம். அவை பயணம் போகாத பெட்டிகள் என்று சொல்லிவிடலாம். வெளிக்கட்டு, சரக்குப் பிரிக்கும் இடத்தில் ஓடும் பட்டைகளிலும் மூட்டைகளிலும் மாட்டிக்கொள்ளும். தபாலில் துணி வைத்துத் தைத்து, அரக்கு முத்திரை இட்டு அனுப்பிய காலத்தில் வெளியே ஒரு தையல் பிதுங்கி நின்றாலும் ஒருவர் கையால் எடுத்து வைத்தார். இப்போது அப்படியில்லை.

நூல் ஏன் நேராகவே வகிர்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. காகிதம் ஆலையில் ஓடும்போது இழைகள் ஓடும் திசையிலேயே படுக்கின்றன. அந்தத் திசையில் கிழித்தால் கோடு போட்டது போல வரும்; குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். நாளிதழை மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் கிழித்துப் பார்த்தால் புரியும். நாடாச் சுருளில் இழை நீளவாக்கில் படுத்திருப்பதால் நூலுக்கு வேலை சுலபம். இதே கணக்கு உள்ளே சுற்றும் தாளுக்கும் பொருந்தும். சோப்பைச் சுற்றிய தாளைக் கை ஒரே இழுப்பில் கிழிக்க வேண்டுமென்றால், இழுக்கும் திசையும் இழையின் திசையும் ஒன்றாக இருக்கும்படி தாளை முன்கூட்டியே திருப்பி வெட்ட வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் பத்து முறை எடுத்தும் கிழிசல் அசிங்கமாக வருகிறது என்று கைமேல் பழி போடுகிறவர்கள் உண்டு.

பெட்டிக்கு வருவோம். கடைக்காரர்கள் முதலில் வைத்திருந்தது 30 செ.மீ. நீளம், 22 அகலம், 18 உயரம். எந்த ஆர்டருக்கும் ஒரே பெட்டி என்ற வசதிக்காக. கூரியரில் எடை இரண்டு வகையில் பார்ப்பார்கள்: தராசு எடை ஒன்று, இடத்துக்கான எடை ஒன்று. மூன்று அளவையும் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. சில நிறுவனங்களின் வகுஎண் மாறும். இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. இந்தப் பெட்டிக்கு 11,880-ஐ 5000-ஆல் வகுத்தால் 2.38 கிலோ. உள்ளே இருந்ததோ பாட்டில் கண்ணாடியும் சேர்த்து, பெட்டி காகிதம் எல்லாம் போட்டும் 1.15 கிலோதான். அரைக் கிலோ படிகளில் கட்டணம் என்றால் 2.5 கிலோவுக்குக் கட்டுகிறார்கள். மிச்ச இடத்தை நிரப்பத் தாளை வேறு கசக்கித் திணிக்க வேண்டும். 18-க்கு 16-க்கு 19 என்று பெட்டியை மாற்றியதும் இட எடை 1.09 கிலோவுக்கு இறங்கியது, கட்டணம் 1.5 கிலோவுக்கு. காட்சியிலும் உடனே வித்தியாசம் தெரிந்தது. பெரிய பெட்டியில் கை உள்ளே போய்த் தாளாக வாரி வாரி வெளியே போடும். பார்க்கிறவர் மனதில் ஓடுவது ‘இவ்வளவு குப்பையா?’ என்பதுதான், அது எத்தனை நல்ல காகிதமாக இருந்தாலும். சின்னப் பெட்டியில் மூடியைத் திறந்ததுமே சரக்கு தெரிகிறது.

ஆனால் சின்னப் பெட்டி என்றால் அடி வாங்கும்போது நடுவில் இடமில்லை. அங்கேதான் தேன்கூட்டுத் தாள் வருகிறது. கிராஃப்ட் என்னும் கெட்டியான பழுப்புத் தாளில் வரிசை வரிசையாகக் கீறல் போட்டிருப்பார்கள். இழுத்தால் வலை போல விரிந்து அறுகோணங்கள் எழுந்து நிற்கும். அடுத்தடுத்த சுற்றில் அந்த அறைகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்வதால் ஒட்டவே தேவையில்லை, பிரிக்கும்போது கை சும்மா சுழற்றினால் போதும். இதில் எல்லாரும் செய்யும் தவறு, இழுக்காமல் சுற்றுவது. இழுப்பு விட்டுப்போனால் அறைகள் மடிந்து, அது வெறும் இரண்டு சுற்றுப் பழுப்புத் தாளாகிவிடும், பாட்டில் உடையும். சுற்றிய பாட்டிலை ஓரத்திலிருந்து பார்த்தால் தெரியும்: அறைகள் பாட்டிலுக்குச் செங்குத்தாக முள் போல நிற்க வேண்டும், படுத்திருக்கக்கூடாது. கோவைக்காரர்கள் பாட்டிலுக்கு முதலில் ஒருபக்கம் நெளி உள்ள அட்டையால் ஒரு சட்டை, அதன்மேல் தேன்கூடு மூன்று சுற்று, பக்கவாட்டு இடுக்கில் சோப்பும் தேய்ப்பானும் என்று வைத்தார்கள். தேங்காய் நார் தேய்ப்பானே நல்ல மெத்தை. அதைப் பாட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் வைத்தபோது ஒரு தாள் மிச்சமானது.

இது தாங்குமா என்று பார்க்க உலகெங்கும் பேக்கிங் துறை பின்பற்றும் ஒரு முறை இருக்கிறது. 10 கிலோவுக்குக் குறைந்த பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போட வேண்டும்: ஒரு மூலை, அந்த மூலையில் கூடும் மூன்று விளிம்பு, ஆறு முகம். 76 செ.மீ. என்றால் நம் சாப்பாட்டு மேசையின் உயரம். அதனால் மேசை ஓரத்திலிருந்தே போட்டுப் பார்க்கலாம். எட்டாவது முறையில் இவர்கள் பெட்டிக்குள் ‘கிணுக்’ என்று ஒரு சத்தம். திறந்தால் பாட்டில் முழுசாக இருந்தது, ஆனால் அடியில் தாள் நசுங்கி, கண்ணாடி நேராக அட்டைத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடியில் நெளி அட்டைத் துண்டு ஒன்று கூடுதலாக வைத்தபின் சத்தம் இல்லை.

இதெல்லாம் உலர்ந்த நாளில். ஈரம் காகிதத்தின் பரம எதிரி. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்திலிருந்து 90-க்கு ஏறினால் நெளி அட்டைப் பெட்டி மேலே சுமை தாங்கும் வலு ஏறத்தாழ பாதியாகிவிடும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகைக் காலையில் அந்த ஈரம் சர்வசாதாரணம். நம் ஊர்ப் பழுப்பு அட்டை பெரும்பாலும் பழைய காகிதத்தில் செய்தது. ஒவ்வொரு மறுசுழற்சியிலும் இழை குட்டையாகிறது, அதனால் முதலிலேயே கொஞ்சம் பலம் குறைவு. ஆகவே கோடையில் 3 பிளை, அதாவது மூன்றடுக்குப் பெட்டி போதுமென்றாலும் மழைக்காலத்துக்கு இவர்கள் 5 பிளைக்கு மாறுகிறார்கள். காகிதச் செலவு கூடத்தான் செய்கிறது. உடைந்த தேன் பாட்டில் அந்த வண்டியிலிருக்கும் மற்ற பத்துப் பார்சலையும் நாசம் செய்வதை நினைத்தால் வேறு வழியில்லை. ஈரம் வாங்கிய பெட்டியைக் கையால் அறியலாம்: பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் ‘டக்’ என்று நில்லாமல் மெத்தென்று உள்ளே வாங்கும்.

கை கடைசியில் பாட்டிலை எடுக்கிறது. இங்கேதான் “நூறு சதவீதம் பிளாஸ்டிக் இல்லை” என்று எழுதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். தகர மூடியைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் சுற்றிலும் ரப்பர் போன்ற ஒரு வளையம். தேன் கசியாமல் இருப்பதே அதனால்தான். பெரும்பாலும் அது பி.வி.சி. கலந்த பூச்சு, அதாவது பிளாஸ்டிக். சோப்பைச் சுற்றிய தாள் மெழுகுத் தாளா, பிளாஸ்டிக் பூசியதா என்பதற்கும் அதே டம்ளர் சோதனை வேண்டும். “மக்கும் கவர்” என்று வரும் மாவுச்சத்துப் பைகள் வேறு விவகாரம். அவை காகிதமல்ல; இந்தியாவில் அவற்றை விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும், அந்தச் சான்றுக்கான சோதனையும் தொழிற்கூட உரக்குழியின் சூட்டை வைத்து நடப்பது. கொல்லையில் புதைத்துவிட்டு ஒரு மாதத்தில் தோண்டிப் பார்த்தால் பை பையாகவே இருக்கும்.

வீடியோவுக்குக் கீழே என்ன எழுதுவது என்பது இப்போது வெறும் ரசனை விஷயமும் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் போலிப் பசுமை விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. பசுமையானது, சூழலுக்கு உகந்தது, இயற்கையானது போன்ற பொதுச் சொற்களைத் தகுந்த விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் போடக்கூடாது. சொல்வது பொருளைப் பற்றியா, செய்முறையைப் பற்றியா, பேக்கிங்கைப் பற்றியா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். விவரத்தை விளம்பரத்திலோ, கியூஆர் குறியீடு போன்ற வழியிலோ கொடுக்க வேண்டும். கோவைக் கடையின் முதல் வாசகம் “பூமிக்கு உகந்த பார்சல்” என்று இருந்தது. மூன்று முறை அடித்துத் திருத்தியபின் நின்றது இது: “பெட்டி, நாடா, உள்ளே சுற்றிய தாள் மூன்றும் பிளாஸ்டிக் பூச்சு இல்லாத காகிதம். முகவரிச் சீட்டும் தேன் மூடியின் உள்வளையமும் அப்படியல்ல.” இரண்டாவது வரி விற்பனையைக் கெடுக்கும் என்று ஒருவர் பயந்தார். எனக்கு அந்த இரண்டாவது வரிதான் முதல் வரியை நம்ப வைக்கிறது.

படமெடுப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழுப்புக் காகிதம் கேமராவுக்குப் பிடிக்காத பண்டம். திரை முழுக்கப் பழுப்பு நிறைந்தால் போன் அதை மஞ்சள் விளக்கு வெளிச்சம் என்று தப்பாக எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் நீலத்தைக் கூட்டுகிறது. அட்டை சாம்பலாகவும் கை உயிரில்லாமலும் தெரியும். முதலில் வெள்ளைத் தாளை வைத்து நிறச் சமநிலையைப் பூட்டிவிட்டு அப்புறம் பார்சலை வைக்க வேண்டும். இன்னொன்று, நம் கைகளின் நிறமும் கிராஃப்ட் தாளின் நிறமும் அண்ணன் தம்பி. மர மேசைமேல் வைத்தால் கை, பெட்டி, மேசை மூன்றும் கலந்து ஒரே பழுப்புக் குழம்பு. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து மர மேசை வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை; அங்கே கையின் நிறம் வேறு. வெளுத்த சாம்பல்பச்சைத் துணி ஒன்றை விரித்து, ஜன்னலை இடப்பக்கம் முன்னால் வைத்துக்கொண்டால், வலக்கைக்காரர்களின் நிழல் வேலை நடக்கும் இடத்தில் விழாது. தாளின் சுருக்கமும் அட்டையின் நெளியும் நிழலில் எழுந்து தெரியும். ஜன்னல் இல்லாமல் டியூப் லைட்டில் எடுத்தால் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது, ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் ஊர்வது நின்றுவிடும்.

ஃபேனை அணைக்க மறக்க வேண்டாம். தேன்கூட்டுத் தாளின் மொரமொரப்பும் நூல் நாடாவை வகிரும் சத்தமும் பின்னணி இசையைவிட நல்ல இசை. ஃபேன் இரைச்சலில் இரண்டும் அமுங்கிப்போகும். வியர்வையில் கை பளபளக்கும்தான். ஒரு துண்டு பக்கத்தில் இருக்கட்டும்.

கடைசியாக அவர்கள் எடுத்தது, சாம்பல் உறையிலிருந்து தொடங்கி ஒரே ஓட்டமாக 74 நொடி. அதில் கடைசி 15 நொடிதான் மற்ற கடைகளின் படங்களில் நான் பார்க்காதது. பாட்டிலை ஓரம் வைத்துவிட்டுக் கை திரும்பி வருகிறது. சீட்டை மட்டும் கிள்ளி எடுத்துத் தனியே போடுகிறது. நாடாவை உரிக்கவில்லை, அதுவும் காகிதம் என்பதால் உரிக்கத் தேவையில்லை. பெட்டியின் அடியை உள்ளங்கையால் குத்தி, தட்டையாக்கி, தேன்கூட்டுத் தாளை அதன் மேல் மடித்து வைக்கிறது. பழைய பேப்பர்க் கடையில் அட்டைக்குக் கிலோ கணக்கில் விலை உண்டு. நண்பர் வீட்டில் அது அந்த மாதத்து நாளிதழ் அடுக்கின் மேல் போய் உட்கார்ந்தது.